மாற்றுச் சான்றிதழில் விடுபட்ட இடங்களை நிரப்பக் கோரி எழுதிய கடிதம்

என் மகள் தொடக்கப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பை முடித்துவிட்டு, வேறு ஊரிலுள்ள உயர்நிலைப் பள்ளியில் ஆறாம் வகுப்பில் சேர்ந்தாள். அவளுடைய மாற்றுச் சான்றிதழைச் சரிபார்த்த எழுத்தர், அதில் நான்கு இடங்கள் வெறுமையாக இருப்பதைக் காட்டினார். அங்க அடையாளங்கள், மேல்வகுப்பிற்கு உயர்வு பெறத் தகுதியுடையவரா என்ற வினா, கல்வி உதவித்தொகை பெற்றாரா என்ற வினா, படித்த ஆண்டுகளைக் காட்டும் அட்டவணையில் முதல்மொழியும் பயிற்றுமொழியும் ஆகியவையே அவை. சான்றிதழ் தாமதமாவதைக் காரணமாகக் காட்டிச் சேர்க்கையை மறுக்கவோ தள்ளிப்போடவோ கூடாது என்று 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு கூறுவதால், அவள் வகுப்பில் அமர்ந்துவிட்டாள். ஆனாலும் பதிவேட்டில் ஒட்டி வைக்க நிறைவான சான்றிதழ் வேண்டும் என்று அவர் கேட்டது நியாயமானதே.

அந்த இடங்களை நாமே எழுதிக்கொண்டால் என்ன என்று உறவினர் ஒருவர் கேட்டார். அதை ஒருபோதும் செய்யக் கூடாது. அதிகாரமின்றிச் செய்யும் திருத்தமும் அழிப்பும் சான்றிதழையே இரத்துச் செய்துவிடும் என்று சான்றிதழின் அடிக்குறிப்பே எச்சரிக்கிறது. பதிவுகளின் உண்மைக்குத் தலைமையாசிரியரே பொறுப்பு என்பதும் அங்கேயே அச்சிடப்பட்டிருக்கிறது. மேலும், பெயர், பிறந்த தேதி போன்ற விவரங்கள் சரியானவை, பின்னாளில் மாற்றம் கோரமாட்டேன் என்று பெற்றோர் கையொப்பமிடும் உறுதிமொழியும் அதில் உண்டு. ஆகவே, எழுதப்பட்ட எதையும் மாற்றக் கேட்கவில்லை, விடுபட்டதை நிரப்பவே கேட்கிறோம் என்பதைக் கடிதத்தின் முதல் பத்தியிலேயே தெளிவாகச் சொல்வது அவசியம் என்று கருதினேன்.

அனுப்புநர், பெறுநர் முகவரிகளுக்குக் கீழே நான் எழுதியது இது:

"பொருள்: மாற்றுச் சான்றிதழில் விடுபட்ட விவரங்களை நிரப்பித் தர வேண்டுதல் தொடர்பாக.

பார்வை: தங்கள் பள்ளி வழங்கிய மாற்றுச் சான்றிதழ், அதன் எண் மற்றும் நாள்.

மதிப்பிற்குரிய ஐயா, பார்வையில் கண்ட சான்றிதழில் ஏற்கெனவே எழுதப்பட்ட எந்த விவரத்தையும் மாற்றக் கோரவில்லை. கீழ்க்கண்ட நான்கு இடங்கள் மட்டும் நிரப்பப்படாமல் உள்ளன. சேர்க்கைப் பதிவேடு, தேர்ச்சிப் பதிவேடு ஆகியவற்றின்படி அவற்றை நிரப்பி, ஒவ்வொரு பதிவின் அருகிலும் தங்கள் சுருக்கொப்பமும் நாளும் இட்டுப் பள்ளி முத்திரையுடன் வழங்கவும், பள்ளியில் உள்ள அலுவலகப் படியிலும் அவ்வாறே பதியவும் பணிவுடன் வேண்டுகிறேன்."

இதன் கீழே ஒவ்வொரு இடத்தையும் சான்றிதழில் உள்ள வரிசை எண்ணோடு குறிப்பிட்டேன். என்ன எழுத வேண்டும் என்று நானாகச் சொல்லவில்லை. எந்தப் பதிவேட்டில் விவரம் இருக்கும் என்பதை மட்டும் எழுதினேன். உதவித்தொகை வரிக்கு மட்டும், பெறவில்லையெனில் 'இல்லை' என்று எழுதித் தருமாறு கேட்டேன். வெற்றிடமாக விட்டால் பிற்பாடு யாரும் எதையும் சேர்த்துவிட இயலும் என்பதே காரணம். அசல் சான்றிதழை இணைத்து, அதன் ஒளிநகல் ஒன்றை என்னிடம் வைத்துக்கொண்டு, கடிதத்தின் இரண்டாம் படியில் பெற்றுக்கொண்டதற்கான ஒப்பமும் வாங்கினேன்.

இரண்டு சிக்கல்கள் எழுந்தன. சேர்க்கைப் பதிவேட்டிலேயே அங்க அடையாளங்கள் எழுதப்பட்டிருக்கவில்லை. மகளை நேரில் அழைத்து வரச் சொன்ன தலைமையாசிரியர், வலது முழங்கையில் உள்ள மச்சத்தையும் நெற்றியில் உள்ள தழும்பையும் பார்த்து, முதலில் பதிவேட்டிலும் பிறகு சான்றிதழிலும் எழுதினார். அந்த வரிசை முக்கியமானது. பதிவேட்டில் இல்லாத ஒன்று சான்றிதழில் மட்டும் இருந்தால் பின்னாளில் சரிபார்ப்பில் அது நிற்காது.

இரண்டாவது சிக்கல், சான்றிதழில் கையொப்பமிட்டவர் ஓய்வு பெற்றுவிட்டிருந்தார். முன்னவர் ஒப்பமிட்ட தாளில் எழுதுவதற்கு இப்போதைய தலைமையாசிரியர் தயங்கினார். பழைய ஒப்பத்தின் கீழ் சேராமல், தாம் நிரப்பும் ஒவ்வொரு பதிவுக்கும் தம் ஒப்பத்தையும் அன்றைய நாளையும் இட்டால் யார் எப்போது எழுதினார் என்பது தெளிவாக இருக்கும் என்று பணிவுடன் சொன்னேன். அவர் ஏற்றுக்கொண்டார். அவர் மறுத்திருந்தால், அசலை ஒப்படைத்து, அதை இரத்துச் செய்து புதிய சான்றிதழ் வழங்குமாறு கேட்டு இன்னொரு கடிதம் எழுதியிருப்பேன்.

ஒன்றை இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். சாதி, சமயம் குறிப்பிட விரும்பாத பெற்றோர் அந்த இடத்தை வெறுமையாக விட 1973ஆம் ஆண்டின் தமிழ்நாடு அரசாணை எண் 1210 இடமளிக்கிறது. அவ்வாறு வேண்டுமென்றே விட்ட இடம் இருந்தால், 'இது விடுபட்டதன்று, பெற்றோரின் விருப்பப்படி விடப்பட்டது' என்று கடிதத்தில் எழுதிவிட வேண்டும். இல்லையெனில் மற்ற வெற்றிடங்களோடு அதையும் நிரப்பிவிடக்கூடும்.

திரும்பப் பெற்ற சான்றிதழை அலுவலகத்திலேயே நின்று, அலுவலகப் படியோடு வரி வரியாக ஒப்பிட்டேன். அட்டவணையில் பயிற்றுமொழி ஓர் ஆண்டுக்கு மட்டும் விடுபட்டிருந்தது. அதை அங்கேயே எழுதி ஒப்பமிட்டார்கள்.