திறந்த கதவைத் தாண்டிப் போன படி

சேலம் ஐந்து ரோடு பக்கம் ஒரு சிறிய நிறுவனத்தில், வெப்பப் பதப்படுத்தும் உலைகளுக்குக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். உலை 900 டிகிரியில் நிலையாக நிற்கிறது. 7200-வது வினாடியில் கதவு 30 வினாடி திறக்கிறது. அந்த நேரத்தில் வினாடிக்கு 1 டிகிரி வீதம் சூடு போவதாக வைத்துக்கொண்டேன். இறங்கிய சூடு 900-க்குத் திரும்பும் வேகத்தைக் காட்டும் நேர மாறிலி 600 வினாடி. பைத்தானின் சைபை நூலகத்தில் உள்ள solve_ivp-ஆல் கணக்கிட்டு நான் வரைந்த வெப்பநிலைக் கோடு கடைசி வரை 900-ஐ விட்டு இறங்கவே இல்லை. அதைப் பார்த்த ஃபோர்மேன் அண்ணன், "கதவத் தொறந்தா சூடு எறங்காதா தம்பி?" என்றார்.

துல்லியம் போதவில்லை என்று நினைத்து, அனுமதிக்கும் பிழை அளவான rtol-ஐ 1e-3-இலிருந்து 1e-10 ஆக்கினேன். அதே நேர்கோடுதான். அப்புறம்தான் இதை அச்சிட்டுப் பார்த்தேன். இதில் f என்பது வெப்பநிலை மாறும் வீதத்தை, அதாவது சாய்வை, தரும் சார்பு:

```
sol = solve_ivp(f, (0, 14400), [900.0])
print(sol.nfev, len(sol.t))   # 74 13
```

f-ஐ 74 தடவை கூப்பிட்டு, 13 நேரப் புள்ளிகள். அதாவது நாலு மணி நேர உலைக்கு வெறும் 12 படிகள்!

சைபையில் இயல்பாக இயங்குவது RK45, அதாவது 1980-இல் வந்த டோர்மண்ட்-பிரின்ஸ் ஜோடி. ஒரே படியில் கணக்கிட்ட சாய்வுகளை இரண்டு விதமாக எடையிட்டு, ஐந்தாம் வரிசை விடை ஒன்றும் நான்காம் வரிசை விடை ஒன்றும் எடுக்கிறது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் அந்தப் படியின் பிழை மதிப்பீடு. அது அனுமதித்த அளவுக்குள் இருந்தால் படி ஏற்கப்படும், இல்லையென்றால் சிறிய படியில் மறுபடி முயலும். வித்தியாசம் பூஜ்யமாக இருந்தால் அடுத்த படி பத்து மடங்காகும்.

என் உலை நிலையாக நின்றதால் சாய்வு எல்லாமே பூஜ்யம், வித்தியாசமும் பூஜ்யம். முதல் படி 1e-6 வினாடி. அது பத்துப் பத்து மடங்காகப் பெருகி, 1111-வது வினாடியில் நிற்கும்போது அடுத்த படி 10,000 வினாடி ஆகிவிட்டது. அந்தப் படிக்குள் சாய்வு பார்த்த இடங்கள் 3111, 4111, 9111, 10000, 11111. கதவு திறந்திருந்த 7200–7230 இவற்றில் எதிலும் அகப்படவில்லை. பார்க்காத இடத்தில் நடந்ததைப் பிழை மதிப்பீடு எப்படிச் சொல்லும்? இருக்கும் வித்தியாசமே பூஜ்யம் என்பதால் rtol-ஐக் குறைத்தும் பயனில்லை.

ஒரு படி 10 வினாடியைத் தாண்டாதபடி max_step=10 என்று கொடுத்தால் கதவு தப்பாது. ஆனால் 1,440 படிகளுக்கு மேல் ஆகும், அவற்றில் பெரும்பாலானவை எதுவும் நடக்காத நேரத்துக்குச் செலவாகும். எனக்குப் பிடித்த வழி, நேரத்தை 7200, 7230 இரண்டிலும் வெட்டி மூன்று துண்டாக ஓட்டுவது. ஒரு துண்டின் கடைசி வெப்பநிலைதான் அடுத்த துண்டின் தொடக்கம். இழப்பை f-க்குள் நேரம் பார்த்து முடிவு செய்ய விடாமல், துண்டுக்கு ஒரு மாறிலியாகக் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் எல்லை வினாடியில் எந்தப் பக்க மதிப்பு வரும் என்ற குழப்பம் வரும்.

அப்படி ஓட்டியதும் கோடு சுமார் 29 டிகிரி இறங்கி மெல்ல ஏறியது. அண்ணன் விரலால் அந்தப் பள்ளத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "இப்ப சரி" என்றார்.