சிவப்பு லேசருக்கு 508 நானோமீட்டர்: இரட்டைப் பிளவுச் சோதனையில் நான் தேடிக் கண்ட இரண்டு பிழைகள்

சிவப்பு லேசர் ஒன்றின் அலைநீளத்தை இரட்டைப் பிளவின் மூலம் அளந்தபோது எனக்கு முதலில் கிடைத்த விடை 508 நானோமீட்டர். அது பச்சை ஒளிக்குரிய அலைநீளம். லேசரின் மீது 650 நானோமீட்டர் என்று அச்சிடப்பட்டிருந்தது. சுவரில் விழுந்த ஒளியும் ஐயத்துக்கு இடமின்றிச் சிவப்பாகவே இருந்தது. அந்த இடைவெளி எங்கிருந்து வந்தது என்பதைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று மாலைகள் ஆயின.

சோதனையின் அமைப்பு எளியது. லேசர், அதற்கு முன்னால் இரட்டைப் பிளவு உள்ள சில்லு, எதிர்ச் சுவரில் ஒட்டிய வரைபடத்தாள், அவ்வளவுதான். திரையின் நடுவிலிருந்து y தொலைவில் உள்ள ஒரு புள்ளிக்கு இரு பிளவுகளிலிருந்தும் வரும் ஒளியின் பாதை வேறுபாடு ஏறத்தாழ dy/L ஆகும். இங்கே d என்பது பிளவுகளுக்கு இடையிலான தொலைவு, L என்பது பிளவிலிருந்து திரை வரையிலான தொலைவு. இந்தப் பாதை வேறுபாடு ஓர் அலைநீளம் கூடும்போதெல்லாம் அடுத்த பொலிவுப் பட்டை தோன்றுவதால், அடுத்தடுத்த பட்டைகளின் இடைவெளி β = λL/d என்று அமைகிறது.

பட்டைகளின் நடுப்புள்ளிகளைப் பென்சிலால் குறித்தேன். தெளிவாகத் தெரிந்த 11 பொலிவுப் பட்டைகளில் முதலாவதற்கும் கடைசிக்கும் இடையில் 52 மி.மீ. இருந்தது. பதினொரு பட்டைகளுக்கு நடுவே இருப்பவை பத்து இடைவெளிகளே என்பதால் β = 5.2 மி.மீ. திரை வரையிலான தொலைவை 2.15 மீ. என்றும், பிளவுகளின் இடைவெளியை நகரும் நுண்ணோக்கியில் 0.21 மி.மீ. என்றும் அளந்திருந்தேன். இந்த மூன்றையும் சூத்திரத்தில் இட்டபோது வந்ததுதான் அந்த 508.

எந்த அளவு தவறு என்பதை ஒரே ஓர் அளவீட்டிலிருந்து சொல்ல முடியாது. ஆகவே மற்றவற்றை அசைக்காமல் ஒவ்வோர் அளவாக மாற்றிப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். முதலில் மாற்றியது அலைநீளம். பிளவையும் திரையையும் தொடாமல், 532 நானோமீட்டர் பச்சை லேசரை அதே இடத்தில் வைத்தேன். பட்டைகள் நெருங்கின, பத்து இடைவெளிகள் 42.6 மி.மீ. ஆயின. 52-ஐ 42.6-ஆல் வகுத்தால் 1.22, 650-ஐ 532-ஆல் வகுத்தாலும் 1.22. இந்த விகிதத்தில் d, L இரண்டும் அடிபட்டுப் போய்விடுகின்றன. ஆகவே லேசரின் மீது அச்சிடப்பட்டிருந்த எண்ணைச் சந்தேகிக்கத் தேவையில்லை என்று புரிந்தது. பட்டைகளை எண்ணுவதில் தவறியிருந்தாலும் இரு நிறங்களிலும் அது ஒரேபோல் நிகழ்ந்து, இந்த விகிதத்தில் மறைந்துபோயிருக்கும் என்பதால், குறிகளைத் தனியே மீண்டும் ஒருமுறை எண்ணிச் சரிபார்த்தேன். எண்ணிக்கை சரியாகவே இருந்தது. எனவே பிழை d அல்லது L அளவில்தான் இருக்க வேண்டும்.

அடுத்து, சுவருக்குப் பதிலாக ஓர் அட்டையைத் திரையாக வைத்து, சிவப்பு லேசரைக் கொண்டு மூன்று தொலைவுகளில் அளந்தேன். என் அளவுநாடா 1.15 மீ., 1.65 மீ., 2.15 மீ. என்று காட்டிய இடங்களில் பட்டை இடைவெளி முறையே 2.6, 3.9, 5.2 மி.மீ. ஆக இருந்தது. β தொலைவுக்கு நேர்விகிதத்தில் இருக்க வேண்டும் என்பதால் β/L எங்கும் ஒன்றாக வந்திருக்க வேண்டும். ஆனால் எனக்கு 2.26, 2.36, 2.42 என்று ஏறிக்கொண்டே போயிற்று. அதேவேளையில் திரை அரை மீட்டர் நகரும் ஒவ்வொரு முறையும் β பிசகாமல் 1.3 மி.மீ. கூடியது. புள்ளிகளை வரைபடத்தில் குறித்தபோது அவை நேர்கோட்டில்தான் அமைந்தன. ஆனால் அந்தக் கோடு ஆதிப்புள்ளி வழியாகச் செல்லாமல், தொலைவு அச்சை 0.15 மீட்டரில் வெட்டியது. அதைப் பார்த்த பிறகே நாடாவின் தொடக்கத்தை எங்கே வைத்தேன் என்று நினைவுகூர்ந்தேன். லேசரின் முகப்பிலிருந்து அளந்திருந்தேன். பிளவு அதற்கு 15 செ.மீ. முன்னால் இருந்தது. இரு பிளவுகளும் லேசரிலிருந்து ஒளியை ஒரே கட்டத்தில் பெறுகின்றன. பாதை வேறுபாடு பிளவைத் தாண்டிய பிறகே உருவாகிறது. ஆகவே லேசர் எவ்வளவு பின்னால் இருக்கிறது என்பது β-வைப் பாதிப்பதில்லை. கோட்டின் சாய்வுக்கும் தொடக்கப்புள்ளியின் பிழையால் கேடில்லை: மீட்டருக்கு 2.6 மி.மீ. அதை 0.21 மி.மீட்டரால் பெருக்கியபோது அலைநீளம் 546 நானோமீட்டராக உயர்ந்தது. கால்வாசி வழி வந்திருந்தேன்.

எஞ்சியது d. அதே சில்லில் அகன்ற இடைவெளியுடன் இன்னொரு பிளவு இணையும் இருந்தது. அதை நுண்ணோக்கியில் அளந்தபோது 0.46 மி.மீ. வந்தது. அதைக் கொண்டு அதே திரையில் பத்து இடைவெளிகளை அளந்தால் 26 மி.மீ., அதாவது முன்னதில் சரிபாதி. பிளவுகள் விலகும்போது பட்டைகள் நெருங்குவது எதிர்பார்த்ததே. பாதை வேறுபாடு ஓர் அலைநீளத்தை எட்ட, திரையில் முன்னைவிடக் குறைந்த தொலைவு நகர்ந்தால் போதும். ஆனால் β சரிபாதி ஆனால் d சரியாக இரு மடங்காக இருக்க வேண்டும். என் அளவுகளிலோ 0.46-க்கும் 0.21-க்கும் உள்ள விகிதம் 2.19. இரண்டு அளவுகளிலும் ஒரே தொகை விடுபட்டிருந்தால் என்ன ஆகும் என்று கணக்கிட்டேன். அந்தத் தொகை x என்றால், 0.46 + x = 2(0.21 + x); எனவே x = 0.04 மி.மீ.

மீண்டும் நுண்ணோக்கியில் பார்த்ததும் காரணம் விளங்கிற்று. நான் குறுக்குக்கம்பியை ஒரு பிளவின் உள்விளிம்பிலிருந்து மற்றதன் உள்விளிம்புக்கு நகர்த்தியிருந்தேன். அப்படி அளப்பது நடுவே உள்ள இருண்ட பகுதியின் அகலத்தை மட்டுமே தரும். சூத்திரத்தில் உள்ள d ஒரு பிளவின் மையத்திலிருந்து மற்றதன் மையம் வரையிலான தொலைவு; விடுபட்டது இரு பக்கமும் பாதிப் பாதியாக, ஒரு பிளவின் முழு அகலம். மையத்தைக் கண்ணால் ஊகிப்பதைவிட, இரண்டு பிளவுகளிலும் இடது விளிம்பிலிருந்து இடது விளிம்புக்கு அளப்பது நல்லது என்று கண்டேன்; அது நேரடியாகவே d-ஐத் தருகிறது. அப்படி அளந்தபோது 0.25 மி.மீ. வந்தது. 2.6-ஐ அதனால் பெருக்க, 650 நானோமீட்டர்.

பிளவின் அகலம் உண்மையிலேயே 0.04 மி.மீ. தானா என்பதைத் திரையே சொன்னது. ஒவ்வொரு பிளவின் விளிம்பு விளைவும் பட்டைகளின் மீது ஓர் அகன்ற போர்வைபோல் படிந்து, நடுவிலிருந்து λL/a தொலைவில் ஒளியை அவித்துவிடுகிறது. இங்கே a என்பது பிளவின் அகலம். 2 மீட்டரில் அந்த இடம் 32.5 மி.மீ. ஆறாவது பட்டை விழ வேண்டிய இடமோ 31.2 மி.மீ. அதனால்தான் நடுப்பட்டைக்கு இருபுறமும் ஐந்தைந்து பட்டைகளே எனக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தன. அறையை நன்கு இருட்டாக்கியபோது ஏழாவது பட்டை மங்கலாகத் தெரிந்தது. ஐந்தாவதற்கும் அதற்கும் நடுவே இரண்டு இடைவெளி அளவுக்கு வெறுமை இருந்தது. அந்த இடத்தைத் தாண்டி எண்ணுபவர், காணாமற்போன ஆறாவதையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

650 என்று முழுசாக வந்ததைப் பெரிதாகக் கொள்ளக் கூடாது. என் நுண்ணோக்கியின் மீச்சிற்றளவு 0.01 மி.மீ.; 0.25-இல் அது 4 விழுக்காடு, அதாவது அலைநீளத்தில் 26 நானோமீட்டர். பத்து இடைவெளிகளைச் சேர்த்து அளந்ததில் உள்ள அரை மில்லிமீட்டர் ஐயம் ஒரு விழுக்காடுதான். 2 மீட்டர் தொலைவில் சில மில்லிமீட்டர் பிசகுவது அதைவிடவும் சிறியது. ஆகவே இந்தச் சில்லைக் கொண்டு விடையை இன்னும் துல்லியமாக்க விரும்பினால், திரையை மேலும் பின்னுக்குத் தள்ளுவதைவிட d-ஐப் பலமுறை அளந்து சராசரி எடுப்பதில் நேரத்தைச் செலவிடுவேன்.