வட்டமும் மூக்கும்

எனக்குப் படம் வரைய வராது. ஷூட்டிங்குக்கு முன்னால் ஒவ்வொரு ஷாட்டையும் கட்டம் போட்டு வரைந்து பார்க்கிற ஸ்டோரிபோர்டில், ஆளுக்கு ஒரு வட்டம், அதன் கீழே ஒரு கோடு, வட்டத்தின் பக்கவாட்டில் சின்னதாக ஒரு மூக்கு, அவ்வளவுதான். ஆனால் அந்த மூக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைப் பார்க்காமல் இப்போது நான் எந்தக் காட்சியையும் எடுக்கப் போவதில்லை.

சில வருடங்களுக்கு முன்னால் ஒரு குறும்படம் எடுத்தோம். வாடகை வீட்டில் சாப்பாட்டு மேஜை. இடப்பக்கம் கணவர், வலப்பக்கம் மனைவி, சமையலறை வாசலில் மாமியார். கேமரா ஹால் பக்கம் இருந்தது. கணவர் பேசும்போது வலது லுக், மனைவி பேசும்போது இடது லுக். அதுவரை சரி. மாமியார் வாயைத் திறந்ததும், அவருடைய தோள் ஓரமாகத் தெரிகிற சஜஷனில் கணவரைக் காட்டலாம் என்று கேமராவை மாமியாரின் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனோம். அங்கே லைட் வைக்கவே முக்கால் மணி நேரம் ஆனது. வைத்த லைட்டை வீணாக்குவானேன் என்று, கணவர் மனைவியைப் பார்த்துப் பேசும் இரண்டு க்ளோசப்பையும் அங்கிருந்தே எடுத்துவிட்டோம். மானிட்டரில் தனித்தனியாகப் பார்த்தபோது ஒவ்வொரு ஷாட்டும் அழகாக இருந்தது.

எடிட்டர்தான் போன் செய்தார். "சார், ரெண்டு பேரும் ஒரே பக்கம் பார்க்கிறாங்க. புருஷன் பொண்டாட்டிகிட்ட பேசுற மாதிரியே இல்ல, ரெண்டு பேரும் மூணாவது ஆள்கிட்ட பேசுற மாதிரி இருக்கு."

கணவரையும் மனைவியையும் இணைக்கும் கற்பனைக் கோட்டுக்கு அந்தப்பக்கம் கேமரா போய்விட்டது. லைன் கிராஸ். சினிமாவில் முதல் மாதமே சொல்லிக்கொடுக்கிற பாடம் இது. தெரியாமல் நடக்கவில்லை. மூன்றாவது ஆள் பேச ஆரம்பித்ததும் கோடு எங்கே இருக்கிறது என்பது தலைக்குள் குழம்பிவிட்டது. கெட்டுப்போன ஷாட்டை மட்டும் மறுபடி எடுக்கிற பேட்ச் வொர்க்குக்குப் போனால் நடிகர் வேறு படத்துக்காகத் தாடி வளர்த்திருந்தார். மூன்று வாரம் காத்திருந்து, இரண்டே இரண்டு க்ளோசப்புக்காக வீட்டு வாடகை, கேமரா வாடகை, லைட்மேன் பேட்டா என்று முழு கால்ஷீட்டுக்கும் பணம் கொடுத்தோம்.

அடுத்த படம் கும்பகோணத்தில் ஒரு சின்ன வீடு. தையல்காரர் அப்பா, கடைச் சாவியை மகளிடம் கொடுக்கிறார். அடுப்படி வாசலில் அம்மா. மறுபடியும் மூன்று பேர், மறுபடியும் ஒரே அறை. இந்தத் தடவை முந்தின வாரமே உட்கார்ந்து, கோடு போட்ட நோட்டில் 12 கட்டம் போட்டேன். எடுக்கப்போவது 16:9 என்பதால் கட்டத்தையும் 16 சென்டிமீட்டருக்கு 9 சென்டிமீட்டர் என்ற அதே கணக்கில் பாதியாக்கி, 8-க்கு 4.5 என்று அட்டையில் வெட்டி வைத்துக்கொண்டு வரைந்தேன். சதுரக் கட்டத்தில் வரைந்தால் நிற்கிற ஆள் சுலபமாக உள்ளே அடங்கிவிடுவார். ஃபிரேமில் அடங்கமாட்டார்.

முதல் கட்டத்திலேயே மாட்டிக்கொண்டேன். தையல் மெஷினில் அப்பா, வாசல் ஓரம் மகள், இருவரும் தலை முதல் கால் வரை தெரிகிறார்கள். கேமராமேன் அந்தக் கட்டத்தைப் பார்த்துவிட்டு அறையின் அளவைக் கேட்டார். 12 அடி நீளம், 10 அடி அகலம். நாங்கள் எடுக்கவிருந்த கேமராவின் சென்சார் அளவு சூப்பர் 35. அதில் 24 மில்லிமீட்டர் லென்ஸ் போட்டால் கணக்கு சுலபம். ஆள் எத்தனை அடி தூரத்தில் இருக்கிறாரோ, ஏறக்குறைய அத்தனை அடி அகலம்தான் தெரியும். உயரம் அதில் பாதிக்குக் கொஞ்சம் மேலே. ஜன்னல் சுவரோடு கேமராவை ஒட்டி வைத்தாலும் நடு அறைக்குத் தூரம் ஐந்தடிதான். 12 அடி இடைவெளியில் இருக்கிற இரண்டு பேர் ஐந்தடி அகலத்துக்குள் வரமாட்டார்கள். மெஷினை அடுப்படிச் சுவர்ப் பக்கம் தள்ளிப்போட்டு, மகளை வாசலிலிருந்து நாலு எட்டு உள்ளே கொண்டுவந்தோம். எட்டடி தூரம், எட்டடி அகலம், நாலரை அடி உயரம். பாதங்கள் தெரியாது. கட்டத்தை அழித்து, முழங்காலுக்கு மேலே வரைந்தேன். இதெல்லாம் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து முடிவானது. ஷூட்டிங் அன்றைக்குக் கண்டுபிடித்திருந்தால் யூனிட் முழுக்கத் தெருவில் நின்றுகொண்டிருக்கும், நாங்கள் உள்ளே மெஷினை இழுத்துக்கொண்டிருப்போம்.

பிறகு கட்டங்களை உதவி இயக்குநர் பையனிடம் கொடுத்து, வசனத்தைக் காட்டாமல், படத்தை மட்டும் பார்த்துக் கதை சொல்லச் சொன்னேன். ஐந்தாம் கட்டத்தில் சாவி அப்பா மடியில் இருந்தது. ஆறில் மகள் கையில். "சார், சாவி எப்போ கை மாறிச்சு?" என்றான். காட்சியே அந்தச் சாவியைப் பற்றியதுதான். வசனம் அதை அவ்வளவு தெளிவாகச் சொல்லியிருந்ததால், கை மாறுவதைக் காட்ட ஷாட்டே இல்லை என்பது என் கண்ணில் படவில்லை. கையையும் சாவியையும் மட்டும் காட்டுகிற ஒரு இன்சர்ட் ஷாட் சேர்த்து 13 கட்டம் ஆனது. வசனத்தை மூடிவைத்துவிட்டு இன்னொருவரைப் படிக்கச் சொல்வதை அன்றிலிருந்து விட்டதில்லை. அவர் எங்கே தடுக்கி நிற்கிறாரோ, அங்கே ஒரு ஷாட் குறைகிறது.

கட்டங்களுக்குப் பக்கத்தில் அறையை மேலிருந்து பார்க்கிற மாதிரி ஒரு சதுரம் போட்டு, கேமரா நிற்கும் இடத்துக்கெல்லாம் ஒரு 'வ' மாதிரி குறி வைத்தேன். கதை வரிசையில் போனால் கேமரா ஒன்பது தடவை இடம் மாற வேண்டியிருந்தது. ஆனால் நின்ற இடங்கள் மொத்தம் நாலுதான். ஒரே இடத்து ஷாட்டுகளைச் சேர்த்து எடுத்தால் லைட்டைத் திருப்புவதும் நாலோடு நின்றுவிடும். கலை உதவியாளர் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, எந்தக் கட்டத்திலும் வராத தெருவாசல் பக்கச் சுவரில் கை வைக்கவே இல்லை. காலண்டர், சாமி படம், துணி மாட்டும் ஆணி எல்லாம் மெஷினுக்குப் பின்னால் போயின.

மூக்குக்கு வருகிறேன். எட்டாம் கட்டத்தில் அம்மா பேசுகிறார், கேமரா அம்மாவின் முதுகுப் பக்கம். ஒன்பதில் அப்பா மறுபடி மகளைப் பார்க்கிறார். பத்தில் மகள். ஒன்பதையும் பத்தையும் அடுத்தடுத்துப் பார்த்தால் இரண்டு மூக்கும் இடப்பக்கம். பழைய தப்பு அப்படியே திரும்ப வந்து உட்கார்ந்திருந்தது, பென்சிலில். சரிசெய்ய ஒரு வழி வைத்தோம். எட்டில் அப்பா எழுந்து மனைவியிடம் நடந்து போவார், கேமராவும் கூடவே நகர்ந்து அந்தப்பக்கம் போகும். ஷாட்டுக்குள்ளேயே பக்கம் மாறினால் பார்க்கிறவருக்குக் குழப்பம் வராது. அதன்படி பத்தில் மகளின் மூக்கை வலப்பக்கம் மாற்றினேன்.

ஷூட்டிங் அன்று மூன்று மணிக்கு எட்டாவது ஷாட். அப்பாவாக நடித்தவர் ஒத்திகை பார்த்துவிட்டுத் தயங்கினார். "தம்பி, இந்த ஆளு இப்ப எந்திரிக்க மாட்டான்பா. சாவியைக் குடுத்துட்டான், அவனுக்குன்னு மிச்சம் இருக்கிறது இந்த மெஷின் ஒண்ணுதான். மிதிச்சுக்கிட்டே பதில் சொல்லுவான்." ஒருமுறை அப்படியே செய்து காட்டினார். வெறும் மெஷின், ஊசியில் நூல்கூட இல்லை, கால் மட்டும் மிதித்துக்கொண்டிருந்தது. அவர் சொன்னதுதான் சரி. நடிப்பு எப்படி அமையும் என்பது கட்டத்துக்குள் வராது.

அவர் எழவில்லை என்றால் கேமராவும் நகராது. எது கெட்டுப்போகும் என்று யாரும் யோசித்துக்கொண்டு நிற்கவில்லை, தாள் கையில் இருந்தது. ஒன்பது, பத்து, இரண்டு கட்டம் மட்டும்தான். இரண்டையும் ஜன்னல் பக்கத்திலிருந்தே எடுக்கவேண்டும். அங்கே லைட் அன்று காலையிலேயே வைத்தாகிவிட்டது, எங்கெங்கே வைத்தோம் என்பதும் குறித்திருந்தது. ரப்பரால் இரண்டு மூக்கையும் அழித்து, அப்பாவுக்கு வலப்பக்கமும் மகளுக்கு இடப்பக்கமும் வரைந்து கேமராமேனிடம் நீட்டினேன். அவர் பார்த்துவிட்டு ட்ரைபாடைத் தூக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் நடந்தார்.