இரட்டைக் குழந்தைகளுக்கு நடுவே ஒரு சவ்வு

வண்ணாரப்பேட்டையில் நான் பணிபுரியும் ஸ்கேன் மையத்துக்கு இரட்டைக் கரு என்று வரும் பெண்களுக்கு 11 முதல் 14 வாரத்துக்குள் ஸ்கேன் செய்யும்போது, இரண்டு இதயத் துடிப்புகளையும் பார்த்த கையோடு நான் தேடுவது குழந்தைகளுக்கு நடுவே உள்ள சவ்வைத்தான். அந்தச் சவ்வு நஞ்சுக்கொடியைத் தொடும் இடத்தை அதற்குப் பிறகு இவ்வளவு தெளிவாகப் பார்ப்பது கடினம். ஆளுக்கொரு நஞ்சுக்கொடி இருந்தால், அவை ஒட்டி வளர்ந்திருந்தாலும், சவ்வு தடிமனாக இருக்கும். அதன் அடியில் நஞ்சுத் திசு ஆப்புப் போல நுழைந்திருக்கும். இதை லாம்டா அடையாளம் என்கிறோம். நஞ்சுக்கொடி ஒன்றாகவும் பனிக்குடம் இரண்டாகவும் இருந்தால், இரு பனிக்குடச் சுவர்கள் மட்டுமே சேர்ந்த மெல்லிய கோடு நஞ்சுக்கொடியில் நேராக வந்து நிற்கும். அது டி அடையாளம். சிக்கல் எழுவது இந்த மெல்லிய சவ்வில்தான்.

காசிமேட்டிலிருந்து வந்த ஒரு பெண்ணுக்கு அப்போது 12 வாரம் முடிந்திருந்தது. வேறோர் இடத்தில் 7 வாரத்தில் எடுத்த ரிப்போர்ட்டில், இரண்டும் ஒரே பனிக்குடத்தில் இருப்பதாக எழுதியிருந்தார்கள். “டாக்டரம்மா, ரெண்டும் ஒரே பையிலதான் கீதுன்னு சொல்ட்டாங்க. கொடி ஒண்ணோட ஒண்ணு சுத்திக்குமாமே?” என்று மாமியார் கேட்டார். அவர் பயந்ததில் நியாயம் இருந்தது. ஒரே பனிக்குடத்தில் வளரும் குழந்தைகளின் தொப்புள் கொடிகள் பெரும்பாலும் பின்னிக்கொள்ளும். அதனால் அத்தகைய கர்ப்பத்தில் வழக்கமாக 32 முதல் 34 வாரத்துக்குள் அறுவை சிகிச்சை மூலம் குழந்தைகளை எடுப்பார்கள். ஆனால் 7 வாரத்தில் பனிக்குடச் சவ்வு கருவை ஒட்டியே கிடக்கும், வயிற்றின் மேலிருந்து பார்த்தால் பெரும்பாலும் தெரியாது. அந்த வாரத்தில் அப்படி முடிவு கட்டியிருக்கக் கூடாது.

நான் முதலில் பார்த்தபோதும் சவ்வு தெரியவில்லை. ஸ்கேன் கருவியின் புரோப்பை நடு வயிற்றில் வைத்திருந்தேன்; குழந்தைகள் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. அப்படிக் கிடக்கும்போது நடுவிலுள்ள சவ்வு ஒலிக்கற்றை போகும் திசையிலேயே நிற்கிறது, ஒலி அதில் பட்டுத் திரும்புவதில்லை. கற்றை செங்குத்தாகப் பட்டால்தான் அவ்வளவு மெல்லிய சவ்வு திரையில் கோடாக விழும். அந்தப் பெண்ணை இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்கச் சொல்லி, புரோப்பை அடிவயிற்றின் பக்கவாட்டில் கொண்டுபோய், படத்தைப் பெரிதாக்கி, படத்தின் வெளிச்சத்தைக் கூட்டும் கெயினைச் சற்றே கூட்டினேன். வெங்காயத்தின் உள்தோல் போல ஒரு கோடு வந்து வந்து மறைந்தது.

கோடு கிடைத்துவிட்டது என்று அங்கே நிறுத்திவிட முடியாது. ஏறக்குறைய 14 வாரம் வரை பனிக்குடச் சவ்வு கருப்பையின் உட்பக்கத்தோடு முழுவதும் ஒட்டியிருக்காது. ஆகவே ஒரே பனிக்குடம் இரண்டு குழந்தைகளையும் சுற்றி மிதக்கும்போது, அதன் விளிம்பை நடுச்சவ்வு என்று எடுத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு. விளிம்பு என்றால் கோடு இரு குழந்தைகளுக்கும் வெளிப்புறமாகவே வளைந்து போகும். இங்கே நான் நஞ்சுக்கொடியிலிருந்து தொடங்கிக் கோட்டை அங்குலம் அங்குலமாகப் பின்தொடர்ந்தேன். அது இரு குழந்தைகளுக்கும் நடுவே புகுந்து எதிர்ச்சுவர் வரை சென்றது. நஞ்சுக்கொடியில் அது தொட்ட இடத்தில் ஆப்பு இல்லை. நஞ்சுக்கொடி ஒன்று, பனிக்குடம் இரண்டு. மாமியாரையும் திரைக்குப் பக்கத்தில் அழைத்து அந்தக் கோட்டைக் காட்டினேன்.

உண்மையிலேயே சவ்வு இல்லாத ஒரு கர்ப்பத்தையும் பார்த்திருக்கிறேன். சவ்வைக் காணோம் என்பதை மட்டும் வைத்து அதை நான் எழுதவில்லை. பிறப்புறுப்பு வழியாகவும் ஸ்கேன் செய்து பார்த்தேன். பிறகு கொடிகள் குவிந்து கிடந்த இடத்தில் ரத்த ஓட்டத்தைப் பதிவு செய்யும் டாப்ளரைச் சில நொடிகள் வைத்தபோது, ஒரே பதிவில் இரண்டு வெவ்வேறு வேகத் துடிப்புகள் விழுந்தன. இரண்டு குழந்தைகளின் கொடிகளும் ஒன்றாகப் பின்னியிருந்தால்தான் அப்படி வரும், நடுவே சவ்வு இருந்தால் கொடிகள் பின்ன முடியாது.

காசிமேட்டுப் பெண்ணுக்குக் கொடிப் பின்னல் கவலை நீங்கினாலும், நஞ்சுக்கொடி ஒன்றாக இருப்பதால் ஒரு குழந்தையின் ரத்தம் மற்றதற்குக் கூடுதலாகப் போய்விடும் வாய்ப்பு இருக்கிறது. அதற்காக 16 வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வரச் சொன்னேன். அப்போது பார்ப்பதும் பனிக்குட நீரின் அளவையும் இதே சவ்வையும்தான்: ஒரு பக்கம் நீர் குறையத் தொடங்கினால் சவ்வு தளர்ந்து மடியும், நீர் வற்றிவிட்டால் அந்தக் குழந்தையின் மேலேயே ஒட்டிக்கொள்ளும், சவ்வே இல்லாதது போலத் தோன்றும். தாய் புரண்டு படுத்தாலும் அந்தக் குழந்தை இருந்த சுவரோரமே நிற்பதைக் கண்டால் சந்தேகப்பட வேண்டும். வேறு எங்கு ஸ்கேனுக்குப் போனாலும் இந்த 12 வாரப் படத்தை மறக்காமல் எடுத்துப் போங்கள் என்று சொல்லி, டி அடையாளம் தெரியும் படத்தை ரிப்போர்ட்டின் முதல் பக்கத்திலேயே சேர்த்துக் கொடுத்தேன்.