தேநீர்க் கடையும் எர்ஜேயின் கோடும்: நான்கு மாதப் பயிற்சிக் குறிப்பு

மதுரையில் எங்கள் தெருமுனைத் தேநீர்க் கடையைத் தை மாதத்தில் வரைந்து முடித்து, மிகுந்த பெருமிதத்தோடு அக்காவிடம் நீட்டினேன். சிறிது நேரம் உற்றுப் பார்த்தவள், "டின்டின் எப்போதடா லுங்கி கட்ட ஆரம்பித்தான்?" என்று கேட்டாள். கடைக்கார அண்ணனுக்குக் கண்களாக இரண்டு புள்ளிகளையும், சிறிய உருண்டை மூக்கையும், தலையைச் சுற்றித் தெறிக்கும் வியர்வைத் துளிகளையும் வைத்திருந்தேன். டின்டின் சித்திரக்கதைகளைச் சிறு வயதிலிருந்து படித்து வளர்ந்தவன் என்பதால் அவற்றை வரைந்த எர்ஜேயின் சாயல் என் படங்களில் இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனால் அதைத் தாக்கம் என்று சொல்லிக்கொள்வதா, நகல் என்று ஒப்புக்கொள்வதா என்பதை அதுவரை நான் சோதித்துப் பார்த்ததில்லை.

முதல் வேலையாக, ஓராண்டில் வரைந்த பதினான்கு படங்களையும் மேசையில் பரப்பி, ஒவ்வொன்றிலும் என்னென்ன எர்ஜேயிடமிருந்து வந்தவை என்று பென்சிலால் குறித்தேன். குறிக்கக் குறிக்க, அவை ஒரே தன்மை கொண்டவை அல்ல என்பது புரிந்தது. உருவத்தின் வெளிக்கோட்டை ஏறத்தாழ ஒரே தடிப்பில் இழுப்பது, குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போட்டு நிழல் காட்டாமல் தட்டையான வண்ணம் பூசுவது, முகத்தை எளிமையாகவும் பின்னணியை நுணுக்கமாகவும் வைப்பது ஆகியவை ஒரு முறை. 1977இல் நெதர்லாந்து ஓவியர் யோஸ்ட் ஸ்வார்ட்டே அதற்குத் 'தெளிந்த கோடு' என்று பெயர் வைத்தார். எர்ஜேயைத் தவிர வேறு பலரும் அந்த முறையில் வரைந்திருக்கிறார்கள். புள்ளிக் கண்ணும் தெறிக்கும் துளிகளும் அந்த முறைக்குள் அவர் தமக்கென்று வைத்துக்கொண்ட பழக்கங்கள். மூன்றாவதாக ஒன்று இருந்தது. அதை நான் எதிர்பார்க்கவில்லை.

பேருந்தைத் துரத்தி ஓடும் ஒருவரை வரைந்திருந்தேன். அதன் மேல் டிரேசிங் தாளை வைத்துக் கோடெடுத்து, சந்தேகம் வந்த சித்திரக்கதைப் பக்கத்தின் ஒரு கட்டத்தை அதே அளவுக்குப் பெரிதாக்கி நகலெடுத்து, அதன் மீது அந்தத் தாளைப் பொருத்தினேன். முன்காலின் மடிப்பு, பின்காலின் கோணம், வீசிய கையின் வளைவு, தரையில் கிளம்பும் புழுதி மேகம் உட்பட எல்லாமே அதன் மேல் படிந்தன. வரையும்போது அந்தப் பக்கத்தை நான் திறந்துகூடப் பார்க்கவில்லை. நூறு முறை பார்த்த கட்டம் கைக்குள் இறங்கி, ஓடும் மனிதர் என்று நினைத்த மாத்திரத்தில் விடையாக வெளியே வந்திருக்கிறது. மனதறிந்து செய்யவில்லை என்பதால் அது நகல் இல்லை என்று ஆகிவிடாது. ஒரு நண்பர் தம் கடை நாட்காட்டிக்காக அந்தப் படத்தைக் கேட்டிருந்தார். அதைக் கொடுக்காமல் வேறொன்றை வரைந்து கொடுத்தேன். வரையும் பாணிக்குப் பதிப்புரிமை கிடையாது, வரைந்த குறிப்பிட்ட படத்துக்கு உண்டு என்கிற வேறுபாடு இங்கே எனக்கு முதன்முறையாகக் கண்கூடாகத் தெரிந்தது.

மற்றப் பதின்மூன்று படங்களிலும் இப்படிப் படிந்தது எதுவும் இல்லை. ஆனாலும் அவை எனக்கு நிம்மதி தரவில்லை. காரணத்தைக் கண்டுபிடிக்கத்தான் தேநீர்க் கடைக்கே திரும்பப் போனேன்.

மாசியில் ஆறு ஞாயிற்றுக்கிழமைகளை ஒதுக்கலாம் என்று திட்டமிட்டு, மாதத்தில் அத்தனை ஞாயிறு இல்லை என்பதால் பங்குனியிலும் தொடர்ந்தேன். எதிர்த் திண்ணையில் உட்கார்ந்து, இருபது நிமிடம் பென்சிலால் மட்டும், பாணியைப் பற்றி எண்ணாமல் கண்ணில் படுவதை வரைவது. வீட்டுக்கு வந்து அதன் மேல் தாள் வைத்து மைக்கோடு இழுப்பது என்பது ஏற்பாடு. இதையும் எர்ஜேயிடமிருந்துதான் எடுத்தேன். அவருடைய பென்சில் வரைவுகளில் ஒரே கைக்குப் பத்துப் பன்னிரண்டு கோடுகள் சிக்குண்டு கிடக்கும். அவற்றுள் உயிருள்ள ஒன்றைத் தேர்ந்து சுத்தத் தாளுக்கு மாற்றுவார். அச்சில் நான் பார்த்து மயங்கியது அந்தத் தேர்வின் முடிவை மட்டுமே. நான் தேடாமலே முடிவுக் கோட்டை இழுத்துக்கொண்டிருந்ததால்தான் என் கோடு சுத்தமாகவும் செத்தும் இருந்தது. 0.5 ஃபைன்லைனர் பேனாவும் அதற்கு ஒரு காரணம். அவர் மையில் தொட்டு வரைந்த நிப்பின் கோடு, சீராகத் தோன்றினாலும், அழுத்தத்துக்கு ஏற்ப நூலளவு தடித்து மெலியும்.

திண்ணையில் முதலில் தோற்றது லுங்கி. கோட்டு, கால்சட்டை மடிப்புகளை வைத்தே துணி வரையப் பழகியிருந்தேன். முழங்காலுக்கு மேலே மடித்துக் கட்டிய லுங்கியில் மடிப்புகள் இடுப்பு முடிச்சிலிருந்து விசிறிபோல் விரிகின்றன. கீழ்விளிம்பு இரட்டைத் துணியாக இருப்பதால் கனத்துத் தொங்குகிறது. இதற்கு எர்ஜேயின் பக்கங்களில் விடை தேட முடியவில்லை. அண்ணனின் இடுப்பைத்தான் பார்க்க வேண்டியிருந்தது. (அவர் மூன்றாவது வாரம், "தம்பி, என்னை வரையிறியா, இல்ல லுங்கிய வரையிறியா?" என்று கேட்டேவிட்டார்.) அடுத்து, புள்ளிக் கண். பாய்லரின் ஆவி முகத்தில் அடிக்கும்போது அவர் கண்களை இடுக்கிக்கொள்கிறார். புள்ளிக்கு இடுங்கத் தெரியாது. இரண்டு குறுங்கோடுகளும் கடைக்கண் ஓரத்தில் ஒரு சுருக்கமும் போட்ட பிறகே ஆவி அங்கே இருப்பது தெரிந்தது.

மிகப் பெரிய மாற்றம் நிழலில் நேர்ந்தது. தெளிந்த கோடு முறையில், பொருள்களிலிருந்து விழும் நிழல் பெரும்பாலும் விலக்கப்படுவதால், நானும் யோசிக்காமல் விட்டிருந்தேன். ஆனால் பங்குனி வெயிலில் அந்தக் கடையில் எல்லாரும் எங்கே நிற்கிறார்கள் என்பதைத் தீர்மானிப்பதே தகரக் கூரையின் நிழல்தான். அதன் விளிம்புக்குள் உடம்பை ஒடுக்கிக்கொண்டு, கண்ணாடித் தம்ளரை மட்டும் வெயிலுக்கு வெளியே நீட்டியபடி நிற்கிறார்கள். நிழலை நீக்கினால் ஏன் இப்படி நெருக்கியடிக்கிறார்கள் என்பது படத்தில் புரியாது. நீலச் சாம்பல் நிறத்தில் ஒரே ஒரு தட்டையான நிழல் வடிவத்தைப் படத்தின் குறுக்கே போட்டேன். வண்ணம் தட்டையாக இருப்பது எர்ஜேயின் முறை. அந்த இடத்தில் நிழல் இருப்பது கடையின் தேவை.

இப்போது படத்தின் ஒவ்வொரு பகுதியையும் ஏன் அப்படி வரைந்தேன் என்று என்னையே கேட்டுப் பார்க்கிறேன். எதிரில் இருந்த பொருளைச் சுட்டி விடை சொல்ல முடிந்தால் அதை வைத்துக்கொள்கிறேன். 'அவர் அப்படித்தான் போடுவார்' என்பது மட்டுமே விடையானால் திண்ணைக்குத் திரும்புகிறேன். இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் பழைய பதின்மூன்று படங்களில் முகங்கள் அனைத்தும் தோற்றிருக்கும், பின்னணிகள் பாதியாவது தேறியிருக்கும். எர்ஜேயும் இதைக் கடந்தவர்தான். அமெரிக்கச் சித்திரக்காரர் ஜார்ஜ் மக்மனஸ் வரைந்த மூக்குகளைக் கூச்சமின்றி எடுத்துக்கொண்டதாக அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். 1934இல் சீன மாணவர் சாங் சோங்ரெனைச் சந்தித்த பின்னரே, வரையும் நாட்டை உண்மையாகக் கவனித்து வரைவதில் அவர் தீவிரமானார். மூக்கு அப்படியே இருந்தது.

நகலெடுப்பதை நான் நிறுத்தவில்லை. வாரம் ஒரு கட்டத்தை அப்படியே பார்த்து வரைகிறேன். அதற்குத் தனி நோட்டு, ஒவ்வொரு தாளிலும் எந்தக் கதையின் எந்தப் பக்கம் என்ற குறிப்பு. அந்த நோட்டை யாருக்கும் என் படமென்று காட்டுவதில்லை.

சித்திரையில் வரைந்த ஆறாவது கடைப் படத்தை அக்காவிடம் கொடுத்தேன். டின்டின் பேச்சு வரவில்லை, "இது நம்ம கடை அண்ணன்தானே, கண்ணை ஏன் இப்படிச் சுருக்கியிருக்கிறார்?" என்றாள். பிறகு மேல் மூலையில் விரலை வைத்தாள். கூட்டத்துக்குள் தம்ளரைத் தவறவிடும் பையனின் தலையைச் சுற்றி மூன்று வியர்வைத் துளிகள் தெறித்துக்கொண்டிருந்தன. அவற்றைப் போட்டது எனக்கு நினைவே இல்லை.