ஆஃபர் கைக்கு வந்தபின் எழுதும் மெயில்

சென்னை ஐடி நிறுவனங்களுக்கு ஆள் எடுக்கும் வேலையில் பல ஆண்டுகள் இருந்துவிட்டேன். ஆஃபர் லெட்டர் அனுப்பிய பிறகு வரும் மெயில்களை இன்றும் கவனமாகப் படிக்கிறேன். நல்ல வேலைக்காரர்கள் பலர் ‘சம்பளத்தைக் கூட்டிக் கேட்டால் ஆஃபரையே திரும்ப எடுத்துக்கொள்வார்களோ’ என்று பயந்து, வந்த தொகைக்கே ஒப்புக்கொண்டு விடுகிறார்கள். ஒரே ஒரு மரியாதையான மெயிலுக்காக ஆஃபரைத் திரும்பப் பெற்றதை நான் பார்த்ததில்லை. ஒரு முறை உயர்த்திக் கொடுத்ததும் மறுபடி கேட்பவர்கள், கையெழுத்துப் போட்ட பிறகு பேரம் ஆரம்பிப்பவர்கள், வேறு நிறுவனத்தின் ஆஃபர் இருப்பதாகச் சொல்லிவிட்டுக் காட்டச் சொன்னால் நழுவுபவர்கள், இவர்களுடைய ஆஃபர்கள்தான் என் கண்ணெதிரே கைநழுவின.

வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாத ஒரு விஷயம், மெயிலைப் படிக்கும் ஹெச்ஆருக்குத் தொகையை மாற்றும் அதிகாரம் பெரும்பாலும் கிடையாது. அவர் அதை மேனேஜருக்கும் சம்பளத்தை நிர்ணயிக்கும் குழுவுக்கும் ஃபார்வர்ட் செய்வார். அவர்கள் உங்களைப் பார்த்ததே இல்லை. உங்கள் நாலு பத்திதான் அவர்கள் முன்னால் இருக்கும். அதனால் ஹெச்ஆர் ஒரு வார்த்தைகூடச் சேர்க்காமல் அப்படியே அனுப்பக்கூடிய மெயிலாக அது இருக்க வேண்டும்.

எனக்குப் பிடித்த ஒரு மெயிலைச் சொல்கிறேன். எழுதியவர் ஏழு ஆண்டு அனுபவமுள்ள பேக்கெண்ட் டெவலப்பர். அப்போது அவருடைய சிடிசி, அதாவது நிறுவனம் அவருக்காக ஆண்டுக்குச் செய்யும் மொத்தச் செலவு, 15 லட்சம். நாங்கள் கொடுத்தது 20 லட்சம். பார்த்தால் நல்ல உயர்வு. ஆனால் அந்த 20 லட்சத்தில் 2 லட்சம் வேரியபிள், மீதி 18 லட்சம்தான் ஃபிக்ஸட். அந்த 18-லும் நிறுவனத்தின் பிஎஃப் பங்கும் கிராஜுவிட்டியும் சேர்ந்து சுமார் 1.7 லட்சம். மாதச் சம்பளமாகப் பிரித்து வருவது 16.3 லட்சம்தான், அதிலும் அவர் பங்கு பிஎஃப், வரி எல்லாம் கழியும். அவருடைய பழைய சம்பளத்தில் வேரியபிள் என்று ஒன்று கிடையாது. எங்கள் ஆஃபரிலோ பத்தில் ஒரு பங்கு, வந்தாலும் வரும், வராமலும் போகும்.

இன்னொன்றும் இருந்தது. அவருடைய நிறுவனம் மார்ச் 31 அன்று பணியில் இருப்பவர்களுக்கு மட்டும் மாறாத ஒரு தொகையை ஆண்டு போனஸாகத் தரும். அவருக்கு அது 1.4 லட்சம். நாங்கள் மார்ச் தொடக்கத்திலேயே சேரச் சொன்னோம், அப்படிச் சேர்ந்தால் அது போய்விடும். அதோடு 90 நாள் நோட்டீஸில் கடைசி 30 நாளுக்குப் பணம் கட்டி விலக வேண்டும். அவர்கள் அடிப்படைச் சம்பளக் கணக்கில் பிடிப்பவர்கள் என்பதால் அது சுமார் 60 ஆயிரம்.

மெயில் ஆங்கிலத்தில்தான் இருந்தது. அதன் போக்கு இது:

“ஆஃபருக்கு நன்றி. குழுவுடன் பேசியதில் இந்த வேலையில் சேர வேண்டும் என்று உறுதியாக இருக்கிறேன். முடிவு செய்யும் முன் இரண்டு விஷயங்களைப் பரிசீலிக்க முடியுமா என்று கேட்க விரும்புகிறேன். ஒன்று, வாரயிறுதி ஆன்-கால் பொறுப்பும் இரண்டு ஜூனியர்களின் வேலையைப் பார்வையிடுவதும் கடைசிச் சுற்றில்தான் தெரியவந்தது. அதைக் கருத்தில் கொண்டு ஃபிக்ஸட் பகுதியை 18-லிருந்து 19 லட்சமாக்க வாய்ப்பு உண்டா? இரண்டு, நீங்கள் கேட்ட தேதியில் சேர்ந்தால் 1.4 லட்சம் ஆண்டு போனஸை இழப்பேன், நோட்டீஸுக்காக 60 ஆயிரம் கட்ட வேண்டியிருக்கும். இதை ஈடுசெய்ய 2 லட்சம் ஜாய்னிங் போனஸ் தர இயலுமா? போனஸ் கடிதத்தின் நகலை அனுப்பத் தயார். சேரும் தேதியைத் தள்ளிவைப்பது உங்களுக்கு எளிது என்றால் அதற்கும் சம்மதம். வெள்ளிக்கிழமைக்குள் பதில் கிடைத்தால் ஆஃபர் காலக்கெடுவுக்குள் முடிவு சொல்லிவிடுவேன்.”

இரண்டு கோரிக்கைகளையும் அவர் கலக்கவில்லை, அதுதான் இதில் முக்கியம். ஃபிக்ஸட் சம்பளம் ஆண்டுதோறும் தொடரும் செலவு. அதற்கு அந்த நிலைக்கு உரிய சம்பள வரம்பு இருக்கும், ஏற்கெனவே அதே வேலையில் இருப்பவர்களோடு ஒப்பிடுவார்கள். ஜாய்னிங் போனஸ் ஒரு முறை செலவு, பெரும்பாலும் வேறு பட்ஜெட். வரம்பின் உச்சியில் இருக்கும் ஒருவருக்கு ஃபிக்ஸடில் ஆயிரம் ரூபாய் கூட்டக்கூடத் தயங்குபவர்கள், கணக்குக் காட்டினால் இரண்டு லட்சத்தை ஒரு முறை கொடுத்துவிடுவார்கள். “மொத்தத்தில் இன்னும் மூன்று லட்சம் வேண்டும்” என்று எழுதியிருந்தால் எதற்கு எந்தப் பட்ஜெட்டைத் தொடுவது என்றே எங்களுக்குத் தெரிந்திருக்காது.

காரணங்களும் சரியானவை. ஃபிக்ஸடுக்கு வேலையின் பொறுப்பைக் காட்டினார், போனஸுக்குத் தன் இழப்பைக் காட்டினார். வீட்டு லோன், சென்னை வாடகை எல்லாம் உண்மையான சுமைகள்தான். ஆனால் அப்ரூவல் கேட்டு எழுதும் குறிப்பில் அவற்றைக் காரணமாக எழுத முடியாது. “இது கிடைத்தால்தான் சேருவேன்” என்ற சொல் எங்கேயும் இல்லை என்பதையும் கவனியுங்கள். அப்படி எழுதியிருந்தால், மறுத்துவிட்டால் இவர் வரமாட்டார் என்று அடுத்த ஆளைத் தேடத் தொடங்கியிருப்பார்கள். அவர் வாசலைத் திறந்தே வைத்திருந்தார்.

மூன்றாம் நாள் பதில் போனது. ஃபிக்ஸட் 18.6 லட்சம், அதே குழுவில் இருந்த ஒருவரைத் தாண்டக் கூடாது என்பதால் அதற்கு மேல் அனுமதி இல்லை. ஜாய்னிங் போனஸ் 2 லட்சம் முழுதாகக் கிடைத்தது, பாதி முதல் சம்பளத்தோடு, பாதி ஆறு மாதம் கழித்து. ஓராண்டுக்குள் விலகினால் திருப்பித் தர வேண்டும் என்ற நிபந்தனையோடு.

பலர் இங்கே நன்றி சொல்லி முடித்துவிடுவார்கள். அவர் சம்பளத்தைப் பற்றி மறுபடி ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் அந்த நிபந்தனையைப் பற்றி இரண்டே வரியில் விளக்கம் கேட்டார். ஜாய்னிங் போனஸ் சம்பளமாகவே கணக்கில் வருவதால் டிடிஎஸ் பிடித்துத்தான் கைக்கு வரும். விலகும்போது பல நிறுவனங்கள் கேட்பதோ பிடிப்பதற்கு முந்தைய முழுத் தொகை. பத்து மாதம் வேலை பார்த்துவிட்டுப் போகிறவர், கையில் வாங்காத பணத்தையும் சேர்த்துக் கட்ட நேரிடும். நிறுவனமே வேலையை விட்டு நீக்கினாலும் இது பொருந்துமா என்பது பல கடிதங்களில் தெளிவாக இருக்காது. அப்புறம், பணியாற்றிய மாதங்களுக்குக் கழிவு உண்டா என்பதும்.

இப்படி விளக்கம் கேட்பதைப் பேரமாக யாரும் எடுத்துக்கொள்வதில்லை. சட்டப் பிரிவிடம் கேட்டோம். நிறுவனம் நீக்கினால் வசூல் இல்லை என்று கடிதத்தில் சேர்த்தார்கள். மாதக் கழிவுக்கும் ஒப்புக்கொண்டார்கள். டிடிஎஸ் விஷயத்தில் மட்டும் இறங்கிவரவில்லை, முழுத் தொகைதான் என்றார்கள். அதை அவரிடம் அப்படியே சொன்னேன்.

“சரி சார், திருத்திய லெட்டர் எப்போ வரும்? அது வந்தப்புறம்தான் இங்கே பேப்பர் போடுவேன்” என்றார். போனில் எல்லாம் பேசி முடித்திருந்தும் அவர் காத்திருந்தது சரியான முடிவு. வாய்மொழியாகச் சொன்ன தொகை, கடிதம் அச்சாகி வரும்போது வேறாக இருந்ததைப் பார்த்திருக்கிறேன். மறுநாள் மாலை திருத்திய கடிதம் போனது. 18.6, 2 லட்சம், இரண்டு தவணைத் தேதிகள், மாற்றிய நிபந்தனை எல்லாம் அதில் இருந்தன. இரவே கையெழுத்திட்டு அனுப்பினார், அடுத்த நாள் காலை ராஜினாமா கொடுத்தார்.