ஆதாரில் ஊர் முகவரி, குடியிருப்பது வாடகை வீட்டில்: வீடியோ கேஒய்சியில் கணக்குத் திறந்த அனுபவம்

ஆதாரில் சொந்த ஊர் முகவரி இருக்கிறது, வேலை வேறு ஊரில், குடியிருப்பது வாடகை வீட்டில். வங்கிக் கணக்குத் திறக்கப் போகும்போது பலரும் மாட்டிக்கொள்வது இங்கேதான். நானும் முதலில் வாடகை ஒப்பந்தத்தைத்தான் எடுத்துக்கொண்டு கிளைக்குப் போனேன். அது செல்லாது என்றார்கள். ரிசர்வ் வங்கியின் விதியைப் படித்தபோது அவர்கள் சொன்னது சரி என்று புரிந்தது.

அடையாளத்துக்கும் முகவரிக்கும் சேர்த்து அந்த விதி ஏற்கும் ஆவணங்கள் ஆறுதான்: பாஸ்போர்ட், ஓட்டுநர் உரிமம், ஆதார், வாக்காளர் அட்டை, மாநில அரசு அதிகாரி கையெழுத்திட்ட நூறு நாள் வேலை அட்டை, தேசிய மக்கள்தொகைப் பதிவேட்டின் கடிதம். பான் இதில் இல்லை. அது வரிக்காகத் தனியாகக் கேட்கப்படுவது; பான் இல்லாதவர் அதற்குப் பதிலாக ஓர் உறுதிமொழிப் படிவம் கொடுக்கலாம்.

இந்த ஆறில் ஒன்று கையில் இருந்தும் அதில் இப்போதைய முகவரி இல்லை என்றால், முகவரிக்கு மட்டும் வேறு சில காகிதங்கள் செல்லும். மின்சாரம், தண்ணீர், தொலைபேசி, போஸ்ட்பெய்டு மொபைல், குழாய் எரிவாயு ஆகியவற்றின் பில் இரண்டு மாதத்துக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும். சொத்து வரி ரசீதும் போதும். ஆனால் வாடகைக்கு இருப்பவருக்கு இதில் பெரும்பாலானவை உதவாது, ஏனென்றால் மின் இணைப்பும் வரி ரசீதும் வீட்டுக்காரர் பெயரில் இருக்கும். நம் பெயரில் வரக்கூடியது பெரும்பாலும் போஸ்ட்பெய்டு மொபைல் பில்தான். அதைக் கொடுத்துக் கணக்குத் திறந்தாலும், மூன்று மாதத்துக்குள் அந்த ஆறில் ஒன்றைப் புது முகவரியோடு கொடுத்துவிட வேண்டும்.

எனக்கு வழி கிடைத்தது ஆதார் இ-கேஒய்சியில். ஓடிபி போட்டு ஆதார் விவரத்தை வங்கி எடுத்துக்கொள்ளும்போது, தற்போதைய முகவரி வேறு என்றால் அதை நாமே உறுதிமொழியாகக் கொடுக்கலாம். தனிச் சான்று தேவையில்லை. செயலியில் ‘தற்போதைய முகவரி ஆதாரில் உள்ளதுதானா’ என்று கேட்கும் இடத்தில் அவசரத்தில் ‘ஆம்’ தட்டிவிட்டால், பாஸ்புக்கும் கார்டும் ஊர் வீட்டுக்குப் போய்விடும்.

ஓடிபியோடு நிறுத்தினால் அது வரம்புள்ள கணக்கு: இருப்பு 1 லட்சம் ரூபாயைத் தாண்டக் கூடாது, ஒரு நிதியாண்டில் வரவு 2 லட்சத்தைத் தாண்டக் கூடாது, ஓராண்டுக்குள் முழுச் சரிபார்ப்பும் முடிய வேண்டும். அடுத்த படி வீடியோ கேஒய்சி, அதாவது வீடியோ அழைப்பிலேயே வங்கி நம் அடையாளத்தைச் சரிபார்ப்பது; அந்த அழைப்பை முடித்தால் இந்தக் கட்டுப்பாடு இல்லை. ஓடிபி கொடுத்த நாளிலிருந்து மூன்று வேலை நாளுக்குள் அழைப்பை முடிக்க வேண்டும்; தாண்டினால் ஓடிபியிலிருந்து மறுபடி தொடங்க வேண்டியதுதான்.

அழைப்பில் பேசுபவர் வங்கியின் அதிகாரி. நாம் இந்தியாவுக்குள் இருக்கிறோமா என்று இருப்பிடத்தைப் பதிவு செய்வார்கள். அதனால் போனில் லொகேஷன் அனுமதி இருக்க வேண்டும், விபிஎன் அணைந்திருக்க வேண்டும். கேள்விகளை வரிசை மாற்றிக் கேட்பார்கள், ஏனென்றால் முன்கூட்டியே பதிவு செய்த வீடியோ இல்லை என்று தெரிய வேண்டும். பிறந்த தேதி, அம்மா பெயர், வேலை போன்ற சாதாரணக் கேள்விகள்தான். பக்கத்தில் இருப்பவர் பதிலை எடுத்துக் கொடுத்தால் விண்ணப்பத்தையே நிராகரித்துவிடுவார்கள்.

அதிக நேரம் பிடித்தது பான் கார்டு. இ-பானை மின் ஆவணமாகவே கொடுக்காதவர் அசல் அட்டையைக் காட்ட வேண்டும். இ-பானை அச்சடித்துக் காட்டினால் ஏற்க மாட்டார்கள். டியூப் லைட்டுக்கு நேராகப் பிடித்தபோது பளபளப்பில் எண் வெள்ளையாகிப் போனது. ஜன்னலுக்குப் பக்கவாட்டில் உட்கார்ந்து, அட்டையின் மேல் முனையைக் கொஞ்சம் என் பக்கமாகச் சாய்த்ததும் எழுத்து தெளிந்தது.

அடுத்த சிக்கல் நம் இனிஷியல். பான் விண்ணப்பத்தில் இனிஷியல் போட முடியாது என்பதால் அப்பா பெயரை விரித்து எழுதியிருப்போம். ஆதாரில் ‘க. முருகன்’, பானில் ‘முருகன் கந்தசாமி’ என்று இருந்தால் பெயர் பொருந்தவில்லை என்று திருப்பி அனுப்பலாம். விண்ணப்பிக்கும் முன்பே ஆதாரில் பெயரை விரித்துத் திருத்திக்கொள்வது மேல். திருமணத்துக்குப் பின் பெயர் மாறியவர்கள் மாநில அரசு தந்த திருமணச் சான்றை அல்லது அரசிதழ் அறிவிப்பைச் சேர்த்துக் கொடுக்கலாம்.

அழைப்பு முடிந்த உடனே கணக்கு இயங்காது. பதிவான வீடியோவை வங்கியின் தணிக்கையாளர் பார்த்த பிறகே இயங்கும். அழைப்பு எப்போதும் வங்கியின் செயலி அல்லது தளத்துக்குள்ளேதான் நடக்கும். வாட்ஸ்அப்பில் வீடியோ கால் செய்து ‘கேஒய்சி’ என்று யாராவது சொன்னால் உடனே துண்டித்துவிடுங்கள்.